பத்து லட்சம் பாலிசி, கைக்கு வந்தது 79 ஆயிரம்: ஒரு சரண்டர் கணக்கு

என் அக்கா மகன் ஒரு நாள் இரவு போன் செய்தான். குரலில் கோபம் இருந்தது, கொஞ்சம் அழுகையும் இருந்தது.

"மாமா, என் பாலிசி பத்து லட்சம். மூணு வருஷம் ஒழுங்கா கட்டியிருக்கேன். இப்ப எடுத்துடலாம்னு கேட்டா எழுபத்தொன்பதாயிரம்தான் வரும்கிறாங்க. நான் கட்டினதே ஒன்றரை லட்சம். இது ஏமாத்து வேலை இல்லையா?"

ஆயுள் காப்பீட்டில் பாலிசி சேவைப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை பத்திரம், கடிதம், கணக்கு எல்லாம் என் மேசைக்கு வந்ததால், முதலிலிருந்து கடைசிவரை எழுதி வைத்தேன். அவன் சம்மதத்தோடுதான் இதைப் பகிர்கிறேன். எண்களைச் சற்று வட்டமாக்கியிருக்கிறேன். நாணயக் குறி எதுவும் போடவில்லை. எந்தப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

பாலிசி என்ன சொல்கிறது

போனஸ் சேரும் எண்டோமென்ட் பாலிசி. காப்பீட்டுத் தொகை 10,00,000. காலம் 20 ஆண்டு. ஆண்டு பிரீமியம் 50,000. மூன்று பிரீமியம் கட்டியாகிவிட்டது, நான்காவதுக்கான நோட்டீஸ் வந்திருந்தது. மூன்று ஆண்டிலும் காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு 40 வீதம் போனஸ் அறிவித்திருந்தார்கள். அதாவது ஆண்டுக்கு 40,000, மூன்று ஆண்டுக்கு 1,20,000.

அவன் முதலில் அனுப்பியது பத்திரத்தின் முதல் பக்கப் புகைப்படம். அதில் "காப்பீட்டுத் தொகை 10,00,000" என்ற வரியைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டிருந்தான். மூன்று வருடமாக அவன் மனதில் இருந்தது அந்த வட்டம்தான். தனக்குப் பத்து லட்சம் "இருக்கிறது", அதில் ஒரு பங்கு ஏற்கெனவே தன்னுடையதாகிவிட்டது என்று நினைத்திருக்கிறான்.

காப்பீட்டுத் தொகை என்பது எங்கும் இருக்கும் பணமல்ல. இரண்டு சம்பவங்களில் ஏதாவது ஒன்று நடந்தால் தருகிறோம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்த வாக்கு. பாலிசி நடப்பில் இருக்கும்போது அவன் இறந்தால் நாமினிக்கு. 20 ஆண்டும் கட்டி முடித்து உயிரோடிருந்தால் அவனுக்கே. இரண்டும் நடக்காமல் நடுவில் எழுந்து போகிறவருக்கு அந்த வாக்கு பொருந்தாது. அப்படிப் போகிறவருக்குத் தருவதுதான் சரண்டர் மதிப்பு. அது வேறு எண், வேறு கணக்கு.

இன்னொன்றும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது, அவன் கவனிக்கவில்லை. "மரணத்தின்போது காப்பீட்டுத் தொகை" என்று தனியாக ஒரு வரி. அவன் பாலிசியில் அது அடிப்படைக் காப்பீட்டுத் தொகை, ஆண்டு பிரீமியத்தின் பத்து மடங்கு, இந்த இரண்டில் எது பெரிதோ அது. பத்து மடங்கு என்றால் 5 லட்சம்தான், ஆகவே 10 லட்சமே நின்றது. ஆனால் குறைந்த ஆண்டுகளில் கட்டி முடிக்கும் சில பாலிசிகளில் இந்த இரண்டு எண்ணும் வெகுவாக வேறுபடும். ஏஜென்ட் வாயால் சொன்னது எந்த எண் என்று தெரியாமலே பலர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

2,70,000 எங்கே போனது?

அவனுடைய கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நிறுவனத்தின் இணையக் கணக்கில் "பெய்டு-அப் மதிப்பு, போனஸ் உட்பட 2,70,000" என்று பார்த்திருக்கிறான். சரண்டர் செய்தால் அதுதான் வரும் என்று நினைத்து, அந்தப் பணத்துக்குச் செலவும் எழுதி வைத்துவிட்டான்.

அந்த எண் தவறல்ல. 20 பிரீமியம் கட்டவேண்டிய இடத்தில் 3 கட்டியிருக்கிறான். ஆகவே காப்பீட்டுத் தொகையில் இருபதில் மூன்று பங்கு, 10,00,000 × 3 ÷ 20 = 1,50,000. அதோடு சேர்ந்த போனஸ் 1,20,000. மொத்தம் 2,70,000. இதற்கு மேல் ஒரு காசும் கட்டாவிட்டாலும் இந்தத் தொகை அவனுக்கு உண்டு.

எப்போது என்பதுதான் விஷயம். பாலிசி முதிரும் நாளில், அதாவது இன்னும் 17 ஆண்டு கழித்து. இல்லையென்றால் அதற்குள் இறந்தால். திரையில் 2,70,000 என்ற எண் பெரிதாகவும், "முதிர்வில்" என்ற சொல் பொடி எழுத்திலும் இருந்தது. அந்தப் பொடி எழுத்தில்தான் அவன் இடறினான்.

17 ஆண்டு கழித்து வரவேண்டியதை இன்றைக்கே கொடு என்றால், இடைப்பட்ட காலத்து வட்டியைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். இந்த நிறுவனம் கழிக்கப் பயன்படுத்திய விகிதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.5 சதவீதம். அந்த விகிதத்தில் 17 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100, இன்றைக்கு 29.25 மட்டுமே. அவர்கள் அட்டவணையில் இதைச் சரண்டர் காரணி என்று போட்டிருந்தார்கள்: 0.2925. பெருக்கிப் பார்த்தேன். 2,70,000 × 0.2925 = 78,975. கடிதத்தில் இருந்த அதே எண்.

இது சிறப்பு சரண்டர் மதிப்பு. இதற்குப் பக்கத்திலேயே உத்தரவாத சரண்டர் மதிப்பு என்று இன்னொரு கணக்கும் நடக்கும். அதில் முதிர்வு, வட்டி என்ற பேச்சே இல்லை. கட்டிய பிரீமியத்தில் இத்தனை சதவீதம் என்று பத்திரத்திலேயே ஆண்டுவாரியாக அச்சிட்டிருக்கும். அவன் பாலிசியில் மூன்று ஆண்டு முடிந்தால் 35 சதவீதம், அதாவது 52,500. போனஸுக்குத் தனிக் காரணி 15 சதவீதம், அது 18,000. ஆக 70,500. இரண்டில் எது அதிகமோ அதைத் தரவேண்டும். 78,975 அதிகம், அதைத்தான் தந்திருக்கிறார்கள். ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

கட்டிய பிரீமியம் என்று சொல்லும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. வரி, ரைடர் எனப்படும் கூடுதல் காப்புகளுக்காகக் கட்டிய தொகை, உடல்நலக் காரணத்துக்காக ஏற்றிய கூடுதல் பிரீமியம் ஆகியவற்றை இந்தக் கணக்கில் பொதுவாகச் சேர்க்கமாட்டார்கள். வங்கிக் கணக்கில் போன தொகையைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டால், அங்கேயும் ஒரு வித்தியாசம் வரும்.

அப்படியானால் மீதி 71 ஆயிரம்?

"சரி மாமா, கணக்கு சரி. ஆனா நான் கட்டின ஒன்றரை லட்சத்துல பாதியைக் காணோமே, அது யார்கிட்ட இருக்கு?"

நியாயமான கேள்வி. முதல் ஆண்டு பிரீமியத்தில் பெரும்பங்கு ஏஜென்ட் கமிஷன், மருத்துவப் பரிசோதனை, பாலிசி வழங்கும் செலவு என்று போய்விடும். பின்னால் வரும் ஆண்டுகளில் கமிஷன் வெகுவாகக் குறையும். 20 ஆண்டு ஓடும் என்று நம்பித்தான் நிறுவனம் அந்தச் செலவை முன்கூட்டியே செய்கிறது. மூன்றாம் ஆண்டில் ஒருவர் எழுந்து போனால் செய்த செலவு செய்ததுதான்.

அடுத்தது காப்பு. அந்த மூன்று ஆண்டில் எந்த நாளில் அவன் இறந்திருந்தாலும் அவன் மனைவிக்குப் பத்து லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும் போயிருக்கும். அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. இறக்கவில்லை என்பதற்காக அதைத் திருப்பித் தரமாட்டார்கள்.

ஒரு காலத்தில் இந்த 79 ஆயிரமும் கிடைத்திருக்காது. பிரீமியம் கட்டுவதை நிறுத்தினால் பாலிசி செத்தது, கட்டியது அத்தனையும் நிறுவனத்துக்கு என்பதே வழக்கமாக இருந்தது. 1844-இல் லண்டன் போன எலிசூர் ரைட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், பிரீமியம் கட்டமுடியாத வயதானவர்களின் பாலிசிகளை ராயல் எக்ஸ்சேஞ்சில் ஏலம் விடுவதைப் பார்த்தார். ஏலம் எடுத்தவருக்கு லாபம் வரவேண்டுமானால் அந்த முதியவர் சீக்கிரம் போய்ச் சேரவேண்டும். ஊர் திரும்பிய ரைட் இதை எதிர்த்துப் பல வருடம் போராடினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் காப்பீட்டு ஆணையராக அவர் இருந்த காலத்தில், 1861-இல், கட்டிய பிரீமியத்தை அப்படியே விழுங்கக்கூடாது என்ற சட்டம் அங்கே வந்தது. இன்றும் நாட்டுக்கு நாடு இந்த விதிகள் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்தியாவில் 2024-இல் வந்த விதி, ஓராண்டுப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே முதல் ஆண்டு முடிந்ததும் சிறப்பு சரண்டர் மதிப்பு தரவேண்டும் என்கிறது. அதற்கு முன்னால் முதல் ஆண்டோடு நிறுத்தியவருக்கு அங்கே பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

ஆகவே உன் பாலிசிக்கு எந்த ஆண்டிலிருந்து சரண்டர் மதிப்பு பிறக்கிறது என்பதை உன் பத்திரத்தில்தான் பார்க்கவேண்டும். அது பிறப்பதற்கு முன்பு பிரீமியத்தை நிறுத்தினால் பாலிசி காலாவதியாகும், கையில் எதுவும் வராது. பிறந்த பிறகு நிறுத்தினால் பாலிசி சாகாது. தானாகவே பெய்டு-அப் ஆகி, சுருங்கிய உருவில் உயிரோடிருக்கும். இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதில் காப்பீட்டுத் தொகை உண்டு, சரண்டர் மதிப்பு பொதுவாகக் கிடையாது.

ஒவ்வொரு பிரீமியமும் எதை வாங்குகிறது

இனிமேல் சொல்வதுதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது.

அவன் கேட்டது, "நஷ்டத்தோட வெளிய வரணுமா, இல்ல இன்னும் ரெண்டு மூணு வருஷம் கட்டிட்டு, நஷ்டம் குறைஞ்சதும் வரலாமா?" சரண்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுப்பார்கள். கேட்க நிதானமான யோசனை போலத் தோன்றும். அவன் பாலிசியில் அதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

ஏன் என்று பார்ப்போம். ஒரு பிரீமியம் கட்டினால் பெய்டு-அப் மதிப்பு இருபதில் ஒரு பங்கு, அதாவது 50,000 கூடும். அந்த ஆண்டு போனஸ் 40,000 சேரும். ஆக, கட்டும் ஒவ்வொரு 50,000-மும் முதிர்வு நாளில் வரும் 90,000-ஐ வாங்குகிறது. முதல் பிரீமியமும் அதே 90,000-தான் வாங்குகிறது, கடைசிப் பிரீமியமும் அதே 90,000-தான். ஆனால் முதல் பிரீமியம் அந்த 90,000-க்காக 20 ஆண்டு காத்திருக்கவேண்டும். கடைசிப் பிரீமியம் ஒரே ஆண்டுதான் காத்திருக்கும்.

முதல் 50,000 ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதம்தான் வளர்கிறது. இப்போது அவன் கட்டவேண்டிய நான்காவது பிரீமியம் 17 ஆண்டில் 90,000 ஆகும், அது ஏறக்குறைய 3.5 சதவீதம். இருபதாவது பிரீமியமோ ஒரே ஆண்டில் 50,000-ஐ 90,000 ஆக்குகிறது. இந்தப் பாலிசியின் ருசியெல்லாம் அடிக்கரும்பில்தான் இருக்கிறது. நுனியைக் கடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிறவருக்கு அது கிடைப்பதேயில்லை.

நான்காவது பிரீமியத்தைக் கட்டிவிட்டு அடுத்த ஆண்டு சரண்டர் செய்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். முதிர்வுக்கு இன்னும் 16 ஆண்டு. பெய்டு-அப் 2,00,000, போனஸ் 1,60,000, மொத்தம் 3,60,000. அதே 7.5 சதவீதத்தில் கழித்தால் ஏறக்குறைய 1,13,000. உத்தரவாத மதிப்பு அப்போதும் அதற்குக் கீழேதான். நான்காவதைக் கட்டாமல் சும்மா விட்டிருந்தாலே பழைய 79 ஆயிரம் ஓராண்டில் ஏறக்குறைய 85 ஆயிரமாகியிருக்கும். ஆகவே அந்த 50,000 பிரீமியத்தால் அவனுக்குக் கூடியது வெறும் 28 ஆயிரம். "நஷ்டத்தைக் குறைக்க" கட்டும் பணமே புது நஷ்டமாகிவிடுகிறது.

எந்த ஆண்டிலிருந்து ஒரு பிரீமியம் கட்டிய விலைக்குச் சமமாகச் சரண்டர் மதிப்பைக் கூட்டும்? இந்தப் பாலிசியின் எண்களை வைத்து, 7.5 சதவீதத்தில் பார்த்தால் 13-ஆம் ஆண்டுவாக்கில். போனஸ் விகிதம், பாலிசிக் காலம், காரணி மாறினால் இந்த ஆண்டும் மாறும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் அவனிடம் சொன்னேன். இன்றைக்கு 79 ஆயிரத்தை எடுக்காமல், மீதி 17 பிரீமியத்தையும் கடைசிவரை கட்டினால், போனஸ் இதே அளவில் நீடித்தால், முதிர்வில் 10,00,000 + 8,00,000 = 18,00,000 வரும். எடுக்காமல் விட்ட 79 ஆயிரத்தையும் முதலீடாக வைத்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 6.5 சதவீதம். முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் இதே பாலிசி 5.3 சதவீதம்தான் தருகிறது. ஆரம்பச் செலவு ஏற்கெனவே போய்விட்டதால், இன்றைய நாளிலிருந்து பார்க்கும்போது பாலிசி முன்னைவிட நல்லதாகத் தெரிகிறது. அதோடு பத்து லட்சம் காப்பும் சேர்ந்தே வருகிறது. கடைசிவரை கட்டமுடியும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு இது ஒதுக்கித் தள்ளக்கூடிய எண்ணல்ல. போனஸ் மட்டும் உத்தரவாதமில்லை. ஆண்டுதோறும் அறிவிப்பது, ஏறலாம், இறங்கலாம்.

ஆக, கடைசிவரை போ, இல்லையென்றால் இப்போதே நிறுத்து. நடுவழியில் இறங்குவதுதான் இழப்பு.

அவன் நிலைமை

எண்களை வைத்துக்கொண்டு மட்டும் முடிவு சொல்லமுடியாது. "ஏன் இப்ப எடுக்கணும்?" என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. வேலை மாறியதில் மாத வருமானம் நிலையில்லாமல் போயிருக்கிறது. கிரெடிட் கார்டில் 80 ஆயிரம் நிலுவை, ஆண்டுக்கு 36 சதவீத வட்டி. மனைவி வேலைக்குப் போகவில்லை, குழந்தைக்கு இரண்டு வயது. இந்தப் பாலிசி தவிர வேறு காப்பு எதுவும் இல்லை.

அப்புறம் இன்னொன்றும் சொன்னான். சரண்டர் செய்யச் சொன்னது பாலிசி விற்ற ஏஜென்ட்தான். "அந்தப் பழசுல ஒண்ணும் இல்ல, எடுத்து இந்தப் புதுசுல போடுங்க" என்று இன்னொரு எண்டோமென்ட் பாலிசியின் படிவத்தையும் கொடுத்திருக்கிறார். பழையதை உடைத்துப் புதியதில் போட்டால் மறுபடியும் முதலாண்டு, மறுபடியும் முதலாண்டுக் கமிஷன், மறுபடியும் 3 சதவீதத்தில் வளரும் அந்த முதல் பிரீமியம். விற்பவருக்குத் தவிர வேறு யாருக்கும் இதில் லாபம் இல்லை. அந்தப் படிவத்தை ஓரமாக வைக்கச் சொன்னேன்.

மூன்று வழிகளைப் பார்த்தோம். 17 ஆண்டும் கட்டுவது அவனால் ஆகாது, அதை அவனே சொன்னான். கட்டுவதை நிறுத்திப் பெய்டு-அப்பாக விடலாம், 17 ஆண்டு கழித்து 2,70,000 வரும். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சரண்டர் மதிப்பே 7.5 சதவீதத்தில் கழித்து வந்த எண் என்பதால், பெய்டு-அப்பாக விடுவது 79 ஆயிரத்தை 7.5 சதவீதத்தில் 17 ஆண்டு போட்டு வைப்பதற்குச் சமம். வேறு கடன் இல்லாதவருக்கு இது நல்ல இடமாகக்கூட இருக்கலாம். 36 சதவீதம் வட்டி கட்டுகிறவன் 7.5 சதவீதத்தில் பணத்தை வைத்திருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது போல.

பாலிசிக் கடன் என்ற வழியையும் விடவில்லை. அந்த நிறுவனம் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம், சுமார் 71 ஆயிரம், 9.5 சதவீத வட்டிக்குத் தரும். பிரீமியத்தைத் தொடர்கிறவருக்குப் பொருத்தமான வழி இது. ஆனால் அவன் பிரீமியத்தை நிறுத்தப்போகிறான். பெய்டு-அப் ஆன பாலிசியின் சரண்டர் மதிப்பு 7.5 சதவீதத்தில் வளரும், கடன் 9.5 சதவீதத்தில் வளரும். வட்டி கட்டாமல் விட்டால் ஆறு ஆண்டு முடிவதற்குள் கடன் சரண்டர் மதிப்பைத் தாண்டிவிடும். அந்த நிலையில் நிறுவனம் பாலிசியை முடித்துக் கடனில் ஈடுகட்டிக்கொள்ளும். அதற்குள் வட்டியையாவது ஒழுங்காகக் கட்டிவருவேன் என்று சொல்லும் நிலையில் அவன் இல்லை.

சரண்டர்தான் மிச்சம். ஆனால் உடனே அல்ல.

28-ஆம் நாள்

அவன் அன்றைக்கே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தான். நான் தடுத்தேன். சரண்டர் செய்த மறுநொடி காப்பு பூஜ்யம். முந்தைய நாள் இறந்தால் மனைவிக்கு 11,20,000. மறுநாள் இறந்தால் ஒன்றுமில்லை. பிறகு வருத்தப்பட்டுப் பணத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்றாலும் சரண்டரான பாலிசிக்கு உயிர் வராது. காலாவதியான பாலிசியையோ பெய்டு-அப் ஆனதையோ குறிப்பிட்ட காலத்துக்குள் நிலுவை, வட்டி, உடல்நல உறுதிமொழி கொடுத்துப் புதுப்பிக்கலாம். சரண்டருக்கு அந்த வாசல் இல்லை.

ஆண்டுப் பிரீமியத்துக்கு அவன் பாலிசியில் 30 நாள் சலுகைக் காலம் உண்டு. கெடு தேதிக்குப் பிறகும் அந்த 30 நாள் முழுக் காப்பும் நிற்கும். அதற்குள் இறந்தால் கட்டாத பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். 30 நாள் தாண்டினால் பெய்டு-அப் ஆகிக் காப்பு 2,70,000-க்குச் சுருங்கும். சரண்டர் மதிப்பு எங்கும் போகாது. கெடுவெல்லாம் அந்தப் பத்து லட்சத்துக்குத்தான்.

அந்த 30 நாளைப் பயன்படுத்திக்கொண்டோம். ஒரு டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்தான். படிவத்தில் பழைய பாலிசியைக் குறிப்பிடவேண்டிய இடத்தில் மறைக்காமல் எழுதச் சொன்னேன். அது நடப்பில் இருக்கிறது, நிறுத்தப்போகிறேன் என்று. மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அறிக்கை வர ஒன்பது நாள். எனக்குக் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருந்தது. ஏதாவது கோளாறு தெரிந்து புதுக் காப்பு மறுக்கப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகியிருக்கும். புதுக் காப்பு வாங்கமுடியாதவருக்கு, 3.5 சதவீதம்தான் வளரும் பிரீமியத்தோடு சேர்ந்து வரும் பத்து லட்சம் காப்புதான் அந்தப் பாலிசியின் மதிப்பே. அப்போது கடனை வேறு வழியில் சமாளித்துப் பிரீமியத்தைக் கட்டச் சொல்லியிருப்பேன்.

26-ஆம் நாள் டேர்ம் பாலிசி வந்தது. ஆண்டுப் பிரீமியம் பழையதில் ஒரு சிறு பகுதிதான். இதற்குச் சரண்டர் மதிப்பு இல்லை என்பதைப் பற்றி அவன் இந்த முறை கேட்கவில்லை. பத்திரம் கைக்கு வந்ததும் நாமினி பெயர், பிறந்த தேதி, காப்பு தொடங்கும் தேதி மூன்றையும் சரிபார்த்தோம். தொடங்கும் தேதி அன்றைக்கே என்று உறுதியானதும், 28-ஆம் நாள் அசல் பத்திரம், அடையாளச் சான்று, வங்கி விவரம், டிஸ்சார்ஜ் படிவம் எல்லாம் சேர்த்து சரண்டர் விண்ணப்பம் கொடுத்தான்.

கொடுப்பதற்கு முன் பழைய பத்திரத்தை ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தவன், பின்பக்கம் ஒன்றில் நின்றான். ஆண்டு, கட்டிய பிரீமியம், உத்தரவாத சரண்டர் மதிப்பு என்று மூன்று பத்திகளோடு ஒரு அட்டவணை. மூன்றாம் ஆண்டுக்கு நேராக 52,500 என்று இருந்தது.

"இது அன்னைக்கே இருந்துச்சா மாமா?"

இருந்தது. பாலிசி கைக்கு வந்து, பிடிக்கவில்லையென்றால் சின்னப் பிடித்தங்கள் போக முழுப் பணத்தையும் திரும்பப் பெறக்கூடிய பரிசீலனைக் காலம் ஓடிக்கொண்டிருந்தபோதும் இருந்தது. அவன் நீல மையில் வட்டம் போட்டது முதல் பக்கத்தில். இது பதினொன்றாம் பக்கம்.

எட்டு நாள் கழித்து 78,975 வங்கிக்கு வந்தது. கையிலிருந்து கொஞ்சம் சேர்த்து அன்று மாலையே கார்டு நிலுவையைக் கட்டிவிட்டான். ஏஜென்ட் கொடுத்த அந்தப் புதுப் படிவம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. பின்பக்கம் வெள்ளைத் தாள், கணக்குப் போட உதவுகிறது.